360-ஐப் பத்தால் வகுக்காதீர்கள்

கொங்கு வட்டார மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் நான். “நோயாளிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்து, அத்தனை மாறிகளைச் சேர்க்கலாம்” என்ற வரி என்னிடம் வரும் திட்டங்களில் அடிக்கடி தென்படுகிறது. லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் வகுக்க வேண்டியது மொத்த நோயாளிகளை அல்ல. நிகழ்வு நேர்ந்தவர்கள், நேராதவர்கள் ஆகிய இரு பிரிவுகளில் எது சிறியதோ, அதைத்தான்.

மஞ்சள் காட்டுக்கு இரவில் தண்ணீர் கட்டப் போய்ப் பாம்பு கடித்து வந்தவர்கள் 360 பேர், அவர்களில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 36 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியின்படி 36 மாறிகளுக்கு இடமுண்டு. 18 மட்டுமே எடுத்த மாணவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் பாம்பின் வகை என்ற ஒரே மாறிக்குக் கண்ணாடி விரியன், நாகம், கட்டுவிரியன், தெரியவில்லை என நான்கு விடைகள் இருப்பதால் அது மூன்று கெழுக்களைக் கேட்கும். இப்படி 18 மாறிகள் 24 கெழுக்களாகிவிட்டால், ஒரு கெழுவுக்குக் கிடைப்பது ஒன்றரை நிகழ்வுதான்.

இதன் விளைவு கணினித் திரையிலேயே தெரியும். கட்டுவிரியன் கடித்த 14 பேரில் ஒருவருக்கும் டயாலிசிஸ் தேவைப்படவில்லை என்றால், அதன் கெழு -18 என்றும் திட்டப்பிழை ஆயிரக்கணக்கிலும் வந்து நிற்கும். R மென்பொருளின் `glm` இதற்கு எச்சரிக்கை தராமலே போகலாம்; மாணவரும் “தொடர்பில்லை” என்று எழுதிவிடுவார். உண்மையில் தொடர்பு உண்டு: கட்டுவிரியனின் நஞ்சு முக்கியமாக நரம்பைத் தாக்குவது, சிறுநீரகத்தை அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. மாறிகளைத் தனித்தனியாகச் சோதித்து, p மதிப்பு சிறியதாக வந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, 36-ஐ நான்கால் வகுத்து “ஒன்பது, கிட்டத்தட்டப் பத்து” என்று எழுதுகிறார்கள். அந்த நான்கைத் தேர்ந்தெடுத்ததும் அதே 36 பேரை வைத்துத்தானே? ஆகவே வகுக்க வேண்டிய எண் 24-ஆகவே இருக்கிறது. 24 கெழுக்களும் அடங்கிய முழு மாதிரியின் கை-வர்க்கம் 48 என்றால், (48 − 24) / 48 = 0.5. அதாவது அடுத்த ஆண்டு வரும் நோயாளிகளிடம் கெழுக்களின் வலு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 80 சதவீத ஆபத்து என்று மாதிரி கணித்தவருக்கு உண்மையான ஆபத்து அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். மிகைப்பொருத்தம் என்பது இதுதான்.

பத்து என்ற எண்ணும் வேதவாக்கு அல்ல. 673 நோயாளிகள், 252 இறப்புகள், ஏழு மாறிகள் கொண்ட ஒரு தரவை வைத்து 1996-இல் வெளியான உருவகப்படுத்தல் ஆய்வு அதைப் பரவலாக்கியது. பின்வந்த ஆய்வுகள் ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று காட்டின.

எனவே உங்கள் படிவத்தில் மூன்று கட்டங்களைக் கேட்கிறேன்: எதிர்பார்க்கும் நிகழ்வுகள், பரிசீலிக்கும் எல்லாக் கெழுக்கள், தரவைத் திறக்கும் முன்பே மருத்துவக் காரணத்தோடு தேர்ந்தெடுத்த மாறிகள். 36 நிகழ்வுகளே உள்ள மாணவர் கண்ணாடி விரியன் கடியா, நஞ்சுமுறி மருந்துக்கு எத்தனை மணி நேரம் ஆனது, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை என்ன சொன்னது என்ற மூன்றோடு நிற்கட்டும். மீதி 15 மாறிகளை விவர அட்டவணையில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு புள்ளியியலாளர்