கத்தரித் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நாங்கள் நலம், நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கால் ஏக்கர் கத்தரிக்கு வாரந்தோறும் மருந்து தெளித்தும் பறிக்கிற காயில் பாதி சொத்தையாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது.

நீங்கள் காயில் காணும் பெரிய துளை, புழு உள்ளே போன வழியன்று. உள்ளிருந்து தின்று வளர்ந்தபின் வெளியேறிய வழி. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழு சில மணி நேரத்திற்குள் பக்கத்திலுள்ள குருத்தையோ பூமொட்டையோ காயையோ துளைத்து உள்ளே சென்று, நுழைந்த வாயைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடுகிறது. அதன்பின் இரண்டு மூன்று வாரங்கள் அது உள்ளேயே இருப்பதால், மேலே படியும் மருந்து அதைத் தொடுவதில்லை. மாறாக, அப்புழுவைத் தேடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சிலந்திகளும் அந்த மருந்தில் மடிகின்றன. பிறகு செம்பேனும் வெள்ளை ஈயும் பெருகுகின்றன. ஆகவே வாராந்திரத் தெளிப்பை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அதற்கு மாற்றாக நான் பெரிதும் நம்புவது, காய் பிடிப்பதற்கு முன்பே குருத்தை நறுக்கி எடுப்பதை. நட்ட மூன்றாம் வாரம் முதல் வாரத்திற்கு இருமுறை வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். அதையும் காலையில் செய்யுங்கள். நண்பகலில் வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் எல்லாக் குருத்துகளும் சற்றுத் துவளும் என்பதால் வேறுபாடு தெரியாது. செடி நிமிர்ந்து நிற்க, ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கினால் அது இந்தப் புழுதான். செடி முழுதும் வாடினால் அது வாடல் நோயாகவோ அடித்தண்டைத் துளைக்கும் வேறொரு புழுவாகவோ இருக்கும், அதற்கு இந்த வழி உதவாது. தொங்கும் நுனிக்குச் சற்றுக் கீழே வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் ஓட்டையோ ஈரமான எச்சமோ தெரிந்தால் புழு இன்னும் கீழே இருக்கக்கூடும். உள்தண்டு கெட்டியாகவும் வெளிறியும் தெரியும் இடம்வரை மேலும் நறுக்க வேண்டும். செடி பக்கக்கிளை விட்டு அந்த இழப்பை ஈடு செய்துகொள்ளும். வெட்டியதை வரப்பில் போட்டுவிடாதீர்கள். புழு ஊர்ந்து வெளியேறிச் சருகுக்கிடையில் கூட்டுப்புழுவாகிவிடும். கையோடு ஒரு பையில் சேர்த்து எரித்துவிடுங்கள், அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய் பிடிக்கத் தொடங்கியதும் வாடிய குருத்துகள் குறைந்துவிடும். பூச்சி ஒழிந்தது என்று தோன்றும். ஆனால் புழு குருத்தைவிடக் காயையே விரும்புவதால் அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு பறிப்பிலும் துளை விழுந்த காய் ஒன்றைக்கூடச் செடியில் விடாமல் எடுத்து, குருத்துக்குச் செய்ததையே அதற்கும் செய்யுங்கள். ஒரு தாய் அந்துப்பூச்சி இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும் என்பதை எண்ணினால், விட்டுவைத்த ஒரு காய் எவ்வளவு கேடு என்பது விளங்கும்.

இதனோடு இனக்கவர்ச்சிப் பொறிகளையும் வையுங்கள். ஆண் பூச்சிகளைக் கூட்டமாகப் பிடித்து இனச்சேர்க்கையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், 10 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் நிலத்திற்கு ஏறத்தாழ 10 பொறிகள் வேண்டும். ஒன்றிரண்டு வைத்தால் பூச்சி வந்துவிட்டதை அறிய உதவுமே தவிர, சேதத்தைக் குறைக்காது. பொறி செடியின் உச்சி மட்டத்தில் இருக்கட்டும். செடி வளர வளர உயர்த்துங்கள். உள்ளிருக்கும் கவர்ச்சிக் குப்பியை மாதம் ஒருமுறை போல மாற்ற வேண்டும். ஆனால் பொறியில் ஆண் பூச்சி மட்டுமே விழும் என்பதால், அடுத்த வயலில் இணைசேர்ந்து பறந்துவரும் பெண் பூச்சியை அதனால் தடுக்க இயலாது. முட்டையிடுவதைக் குறைக்க மாலையில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடித்தால் போதும். உள்ளே போய்விட்ட புழுவை அதுவும் தொடாது.

புதிய நாற்றை நடப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். பிடுங்கிய பழைய கத்தரிச் செடிகளை அடுப்புக்காக வேலியோரம் அடுக்கியிருந்தால், நடவுக்கு முன்பே அவற்றை எரித்துத் தீர்த்துவிடுங்கள். கூட்டுப்புழுக்கள் அந்தக் குவியலில்தான் ஒளிந்திருக்கும், அங்கிருந்து வெளிவரும் பூச்சி நேரே உங்கள் நாற்றுக்கு வரும். இயன்றால் இந்தப் பருவம் அவ்விடத்தில் கத்தரியை விட்டு வெண்டையோ அவரையோ போடுங்கள். அடுத்த வயல்காரரும் கத்தரி வைத்திருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு இரு வயல்களிலும் ஒரே நாளில் குருத்து நறுக்கத் தொடங்குங்கள். முதல் மாதம் எத்தனை குருத்துகள் விழுந்தன என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்