நன்றியுரைக்கு மிஞ்சுவது

அன்பு மகளுக்கு,

நூலக வார நிறைவு விழாவில் நன்றியுரை உன் பொறுப்பில் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். முன்னால் ஐந்து பேர் பேசிய பிறகு எனக்குச் சொல்ல என்ன மிஞ்சும் என்றும் கேட்டிருந்தாய். பள்ளி விழாக்களில் பல ஆண்டுகள் கடைசியாக ஒலிவாங்கியைப் பிடித்தவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நவம்பர் 20 அன்று அந்த மேடையில் என்னென்ன பேசப்படும் என்பதை இன்றே சொல்லிவிடலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதனும் நூலகங்களுக்காக அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளும் வரவேற்புரையிலோ தலைமையுரையிலோ வந்துவிடும். வாசிப்பின் பெருமை வாழ்த்துரைகளில் வரும். சிறப்பு விருந்தினரின் படிப்பும் பதவியும் அவரை அறிமுகம் செய்யும்போதே விரிவாகச் சொல்லப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றையும் நீ தொட வேண்டாம். எழுந்து போக மனத்தளவில் தயாராகிவிட்ட கூட்டத்துக்கு உன் உரை மூன்று நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் அது 300 சொற்களுக்குள் அடங்கிவிடும்.

மிஞ்சுவது இரண்டு: அன்று அந்த அரங்கில் மட்டுமே நடந்தவை, மேடையில் யாரும் பெயர் சொல்லாதவர்கள். முதலாவதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே இரண்டு வரி இடம் விட்டு ஒரு கெட்டி அட்டையில் எழுதிக்கொள். அவர் பேசும்போது, அவர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றை அங்கே குறித்துக்கொள். சிறுவயதில் இரவல் வாங்கிய நூலொன்றை இன்னும் திருப்பித் தரவில்லை என்று விருந்தினர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். "வாசிப்பின் மேன்மையை மிக அழகாக எடுத்துரைத்த" என்று நீ தொடங்கினால் அது அவர் உரையின் சுருக்கமாகிவிடும். "திருப்பித் தராத புத்தகத்தை இவ்வளவு பேர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட ஐயாவுக்கு எங்கள் நன்றி, தாமதக் கட்டணத்தை இன்று தள்ளுபடி செய்கிறோம்" என்று சொன்னால், அவர் பேச்சைக் கேட்டிருக்கிறாய் என்பது அவருக்கும் தெரியும், கூட்டமும் சிரிக்கும். ஒருவர் பேச்சில் குறிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால், இல்லாத சிறப்பை ஏற்றிச் சொல்லாமல், வேலைநாளில் நேரம் ஒதுக்கி வந்ததற்கு மட்டும் நன்றி சொல்.

மேடையில் பெயர் சொல்லப்படாதவர்களுக்கு வருவோம். வாசகர் வட்டத் தலைவரையும் புரவலர்களையும் எல்லோரும் சொல்வார்கள். முந்தைய நாள் இரவு நாற்காலி இறக்கியவரையும், ஓவியப் போட்டித் தாள்களை வகுப்புவாரியாகப் பிரித்து வைத்த ஆசிரியையையும், ஒலிபெருக்கிக்காரரையும் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை. "விழா சிறக்க உழைத்த அனைவருக்கும்" என்று மொத்தமாகச் சொன்னால் அது ஒருவரையும் போய்ச் சேராது. செய்த வேலையைச் சொல்லிப் பெயரைச் சொல். ஆனால் ஒரு குழுவில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரையும் சொல், அல்லது குழுவின் பெயரை மட்டும் சொல். நான்கு பேரைச் சொல்லிவிட்டு, "யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க" என்பது விடுபட்ட இருவருக்கும் கூடுதல் வருத்தம்.

பெயர்ப்பட்டியலுக்கு அழைப்பிதழை அப்படியே நம்பாதே. அச்சிட்ட பெயருக்குரியவர் வராமல், அவருக்குப் பதிலாக வேறொருவர் மேடையில் உட்கார்ந்திருப்பது நம் ஊர் விழாக்களில் வழக்கம்தான். வராதவருக்கு வந்ததற்கு நன்றி சொல்லிக் கூட்டம் கொல்லென்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மேடையில் அமர்ந்த பிறகு ஒருமுறை கண்ணை ஓட்டித் திருத்திக்கொள். முன்னெழுத்தையும் பதவிப் பெயரையும் அவருடன் வந்தவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். விருந்தினர் பரிசளிப்பு முடிந்ததும் புறப்பட வேண்டியவராக இருந்தால், அவருக்குரிய இரண்டு வரிகளை அவர் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் அனுமதி கேட்டு வை. வெற்று நாற்காலியைப் பார்த்து நன்றி சொல்வதைவிட முறையை மாற்றுவது மேல்.

எனக்கு ஒவ்வாத இன்னொன்று, ஒவ்வொரு பெயருக்கும் "நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்" என்று முடிப்பது. பத்துப் பேருக்குப் பத்து முறை அது வந்தால் கூட்டம் பெயர்களைக் கேட்பதை விட்டுவிடும். செயல்களை அடுக்கிக்கொண்டே போய், இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை நன்றி என்ற சொல்லை வைத்தால் போதும்.

கடைசி நன்றியைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, மேற்கோளோ கவிதையோ சேர்க்காமல், "நாட்டுப்பண்ணுக்கு அனைவரும் எழுந்து நிற்க அன்புடன் வேண்டுகிறோம்" என்று நிறுத்து. அதைப் பாடப்போவது மாணவிகளா, ஒலிப்பதிவா என்பதை விழா தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள். மாணவிகள் என்றால், நீ பேச எழும்போதே அவர்கள் மேடையோரம் வந்து நிற்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா