பிரித்த திரையில் ஒரு ஆப்பை மட்டும் படமெடுக்க: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களே, வணக்கம்.

நம் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் டேப்லெட் வாங்கியவர்களில் பலர் திரையை இரண்டாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறீர்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிப் படமெடுப்பது என்று அடிக்கடி கேட்கிறீர்கள். நின்றுகொண்டே சொன்னால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும் என்பதால் எழுதுகிறோம்.

வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவரின் திரையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் புலனம் திறந்திருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கேட்டவர்களின் பெயர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கின்றன. வலப்பக்கம் விலைப்பட்டியல். குழுவில் போட வேண்டியது அந்தப் பட்டியல் மட்டும்தான். ஆனால் பொத்தான்களை அமுக்கிப் படமெடுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே விழும். ஐபேடும் ஆண்ட்ராய்டும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்: பொத்தான் பிடிப்பது திரை முழுவதையும்.

ஐபேடில், படமெடுத்ததும் மூலையில் தெரியும் சின்னப் படத்தைத் தட்டினால் வெட்டும் திரை வரும். சில பதிப்புகளில் அது நேராகவே திறந்துவிடும். ஓரத்தை இழுத்து விலைப்பட்டியலை மட்டும் நிறுத்துங்கள். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். கவனம் தேவைப்படுவது அடுத்த படியில்தான். வெட்டிய படத்தை Photos-இல் சேமித்தால், வெட்டிப் போட்ட பாதி அழிவதில்லை. Revert தட்டினால் முகவரிகளோடு முழுப்படமும் திரும்பி வரும். அதை AirDrop-இல் All Photos Data என்பதை இயக்கி அனுப்பினால் மூலப்படமும் கூடவே போகும். புலனத்தில் அனுப்பினால் வெட்டிய படம் மட்டுமே போகும் என்றாலும், வீட்டில் பிள்ளைகள் எடுக்கும் டேப்லெட்டில் அந்த முழுப்படம் கிடப்பது நல்லதில்லை. அதனால் வெட்டிய பிறகு Done தட்டி, Copy and Delete என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புலனத்தில் எழுதும் இடத்தை அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள். வெட்டிய படம் போய்ச் சேரும், டேப்லெட்டில் எதுவும் தங்காது.

சாம்சுங் கேலக்ஸி டேப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நேரான வழி உண்டு. ஓரப் பலகையில் Smart select இருக்கும், புதிய பதிப்புகளில் AI select என்று பெயர். செவ்வகத்தைத் தேர்ந்து, வேண்டிய ஆப்பைச் சுற்றி இழுத்தால் அந்தப் பகுதி மட்டுமே படமாகும். முழுப்படம் எடுக்கப்படுவதே இல்லை, பிறகு வெட்டுகிற வேலையும் இல்லை. இந்தத் தேவை அடிக்கடி வருமானால் எங்கள் சிபாரிசு இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். பாதித் திரையில் ஆப்புகள் கைத்தொலைபேசியில் தெரிவதுபோல் தங்களைச் சுருக்கிக்கொள்ளும். 10-ஆம் தலைமுறை ஐபேடின் திரை 2360 × 1640 புள்ளிகள். சரிபாதியாகப் பிரித்தால் ஒரு ஆப்புக்கு அகலத்தில் 1180-க்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். பலகாரம், எடை, ரிங்கிட் என்று மூன்று பத்தி உள்ள பட்டியலில் கடைசிப் பத்தி வலப்பக்கம் மறைந்து நிற்கலாம். எவ்வளவு அழகாக வெட்டினாலும் திரையில் இல்லாத விலை படத்தில் வராது. அட்டவணை, கணக்குத்தாள் போன்றவற்றுக்கு அந்த ஆப்பை முழுத்திரைக்குக் கொண்டுவந்து எடுப்பதே சரி. ஐபேடில் iPadOS 18 வரை ஆப்பின் உச்சியிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் அதற்கான குறி கிடைக்கும், iPadOS 26-இல் சாளரத்தின் பச்சைப் பொத்தான்.

திரையைக் காணொளியாகப் பதிவு செய்பவர்களுக்கு, டியூஷன் ஆசிரியர்களுக்கு முக்கியமாக, இரண்டு வார்த்தை. பிக்சல் டேப்லெட் போன்ற சில ஆண்ட்ராய்டு கருவிகளில் பதிவைத் தொடங்கும்போது Record one app என்ற தேர்வு வரும். அதைத் தொட்டு ஆப்பைக் காட்டினால் பக்கத்து ஆப்போ, மேலிருந்து இறங்கும் அறிவிப்புகளோ காணொளியில் வராது. ஒலிக்கு மட்டும் அந்த உத்தரவாதத்தை நம்பாமல், பக்கத்து ஆப்பில் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஐபேடின் திரைப்பதிவு முழுத்திரையைத்தான் எடுக்கும். முடிந்தபின் Photos-இல் வெட்டலாம், ஆனால் பாடத்தின் நடுவே வந்த புலன அறிவிப்பு பாட ஆப்பின் மேல் விழுந்திருந்தால் அது அப்படியே நிற்கும். பதிவுக்கு முன்பே Do Not Disturb போட்டுவிடுங்கள்.

படமெடுத்தால் பாதி கறுப்பாக வருகிறது, அல்லது எடுக்கவே மறுக்கிறது என்றால் டேப்லெட் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வரவேண்டாம். ஆண்ட்ராய்டில் வங்கி ஆப்புகள் தங்களைப் படமெடுக்க விடுவதில்லை. பக்கத்தில் அப்படி ஒன்று திறந்திருந்தால் அதை மூடிவிட்டு மறுபடி எடுங்கள்.

சாம்சுங் ஓரப் பலகையை அமைப்பதில் சிக்கல் என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் அமைத்துக் கொடுக்கிறோம். கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடைக் குழுவினர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்