அம்மா கேட்ட 'நீ'

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இரு. தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, அல்லது சோடாபுட்டி சொன்ன எண்ணெயையே இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாயா?

அம்மா போன செய்தியைப் போனில் சொன்னேன். ஆனால் கடைசி ஆறு மாதம் எப்படிப் போனது என்று சொல்லவில்லை. நினைவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டது, டா. முதலில் தெருப்பெயர்கள், அப்புறம் பேரப்பிள்ளைகள், கடைசியில் நான். காபி கொண்டுபோய்க் கொடுத்தால் என் முகத்தைப் பார்த்து "நீ யாருப்பா?" என்பாள். ஆனால் விடியற்காலை தண்ணி லாரி ஹாரன் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து கட்டிலுக்குக் கீழே குடத்தைத் தேடுவாள். நம் தெருக் குழாயில் உப்புத் தண்ணீர் வந்த காலத்தில் நாற்பது வருடம் குடம் வரிசை போட்டவள். அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை அவள் கையில் கொடுத்தால்தான் அமைதியாவாள்.

பதின்மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு திண்ணையில் நான்கு பேர் மிஞ்சினோம். மாமா, சமஸ்கிருத வாத்தியார், மாடி வீட்டு ராயர், நான். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "என்னையே தெரியாமல் போன அம்மா, இப்போது அம்மாவாகவே எங்காவது இருக்கிறாளா?" மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள். மூன்றும் ஒரே வாக்கியத்திலிருந்து பிறந்தவை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த வாக்கியம் சாந்தோக்கிய உபநிஷத்தின் ஆறாவது அத்தியாயத்தில் வருகிறது. ஸ்வேதகேது பன்னிரண்டு வயதில் குருகுலம் போய், இருபத்து நான்கு வயதில் எல்லாம் தெரிந்தவன் என்ற மிடுக்கோடு வீடு திரும்புகிறான். அப்பா உத்தாலகர் அவனை உட்காரவைத்துப் பாடம் சொல்கிறார். ஒரு பாடத்தில் உப்பைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்கிறார். காலையில் எடுத்துத் தா என்றால் கிடைக்கவில்லை. மேலே, நடுவே, அடியே குடித்துப் பார்க்கச் சொல்கிறார், எல்லா இடத்திலும் கரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் அந்த மூலப்பொருளே எல்லாவற்றுக்கும் ஆத்மா என்று சொல்லி, 'தத் த்வம் அஸி', அது நீ, என்று முடிக்கிறார். இப்படி ஒன்பது முறை.

சிக்கல் 'நீ'யில்தான். எல்லாம் அறிந்த கடவுளும் பேனாவை எங்கே வைத்தோம் என்று தேடும் நாமும் எப்படி ஒன்றாக முடியும்?

வாத்தியார் சங்கரர் வழி. "எட்டு வருஷம் முன்னாடி காசிமேட்டில் பார்த்த பையனை இன்றைக்குப் பெரம்பூரில் பார்க்கிறாய். 'அவன்தான் இவன்' என்கிறாய். அந்த ஊர், அந்த வருஷம், இந்த ஊர், இந்த வருஷம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறாய் அல்லவா? அதுபோலக் கடவுளிடமிருந்து எல்லாம் அறியும் தன்மையைத் தள்ளு, உன்னிடமிருந்து அற்ப அறிவைத் தள்ளு. மிஞ்சுகிற அறிவொளி ஒன்றுதான்" என்றார். அப்படியானால் என் அம்மா? "அம்மா என்பது குடத்துக்குள் இருந்த வெளி. குடம் உடைந்தால் வெளி எங்கே போகும்? அது முன்பும் தனியாக இருந்ததில்லையே."

சேகர், அந்த நேரம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவிடமிருந்து ஊரும் பெயரும் நானும் ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். எல்லாம் போன பிறகும் அவள் கண்ணில் ஒரு விழிப்பு இருந்தது. ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. மிஞ்சியது 'யாரோ' என்றால் என் அழுகை யாருக்காக?

அப்போது மாமா குறுக்கிட்டார். ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் நமக்குக் கூப்பிடு தூரம் என்று எப்போதும் பெருமைப்படுவாரே, அதே வேகம். "ஊரும் வருஷமும் மாறினால் என்ன முரண்? ஒரே ஆள் அங்கேயும் இருக்கலாம், இங்கேயும் இருக்கலாம். எதையும் தள்ள வேண்டியதே இல்லை. 'நீலத் தாமரை' என்றால் நீலத்தையும் தள்ளுவதில்லை, தாமரையையும் தள்ளுவதில்லை. இரண்டு குணமும் ஒரு பொருளில் சேர்கின்றன. இரண்டு சொல்லின் பொருளையும் தள்ளிவிட்டால் இரண்டு சொல் எதற்கு?" என்றார். அவர் வாசிப்பில் 'அது' உலகைப் படைத்த நாராயணன். 'நீ' என்றாலும் அவன்தான், உன்னைத் தன் உடலாகக் கொண்டு உள்ளே நிற்பவன்.

உடல் என்றதும் எனக்குக் கையும் காலும்தான் நினைவுக்கு வந்தது. மாமா திருத்தினார். எந்த உயிர் எந்தப் பொருளைத் தாங்குகிறதோ, நடத்துகிறதோ, எது அந்த உயிருக்காகவே இருக்கிறதோ, அதுதான் அந்த உயிரின் உடல். "ஒல்லியான பெண்" என்று சொல்லும்போது ஒல்லி உடம்புக்கு, ஆனால் சொல் உள்ளே இருப்பவளைத்தானே சுட்டுகிறது? அதேபோல 'நீ' என்ற சொல் உன்னைக் கடந்து உன் உள்ளே இருப்பவனில் போய் முடிகிறது. நீ அழியவில்லை. முக்தியிலும் 'நான்' இருக்கும், ஆனந்தத்தில் அவனுக்குச் சமமாக. படைப்பதும் காப்பதும் மட்டும் அவனுடையது.

ராயர் அதுவரை பேசவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பதத்தை எங்கே பிரிக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்" என்றார். 'தத்'துக்கு முந்தைய சொல் 'ஆத்மா'. சேர்த்துச் சொன்னால் 'ஆத்மாதத்த்வமஸி'. அதை 'ஆத்மா, தத்' என்றும் பிரிக்கலாம், 'ஆத்மா, அதத்' என்றும் பிரிக்கலாம். இரண்டும் காதுக்கு ஒன்றே. ராயரின் ஆசாரியர் மத்வர் இரண்டாவதைக் காட்டினார்: 'நீ அது அல்ல'. நதி கடலில் கலந்தாலும் நதி நீர் வேறு, கடல் நீர் வேறு, உப்பு தண்ணீரில் தெரியாவிட்டாலும் உப்பு தண்ணீர் ஆகாது என்று உத்தாலகரின் உவமைகளையே சாட்சிக்கு அழைத்தார். வாத்தியார் விடவில்லை. "ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணால் ஆனதெல்லாம் அறிந்ததாகும் என்றுதானே பாடமே தொடங்குகிறது? வேறு வேறு என்றால் அந்தத் தொடக்கம் என்னாவது?" ராயர் சொன்னார்: "தலைவனை அறிந்தால் அவனைச் சார்ந்ததை அறிந்ததாகும். ஒன்றாக இருக்கத் தேவையில்லை."

இந்த இடத்தில் ராயர் எனக்குக் கொஞ்சம் வலுக்கட்டாயமாகத் தெரிந்தார். 'இதெல்லாம் அதையே ஆத்மாவாக உடையது' என்று அதே மூச்சில் சொன்ன உத்தாலகர், உடனே 'நீ அது அல்ல' என்று மகனை ஒன்பது முறை தள்ளுவாரா? ஆனால் முக்தியைப் பற்றி அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஜீவனும் தன் கொள்ளளவுக்கு நிறையுமாம். டம்ளரும் நிறையும், குடமும் நிறையும். குறை யாருக்கும் இல்லை, ஆனால் அளவு ஒன்றல்ல.

நான் மாமா பக்கம் சாய்ந்துவிட்டேன், மறைக்கமாட்டேன். அம்மாவின் நினைவு போனதும் அவள் போய்விட்டாளோ என்பதுதான் என் பயம். நினைவு உதிர்ந்தது உடம்போடு வந்த குறை, உள்ளே இருந்த 'நானின்' அறிவு சுருங்கிக் கிடந்ததே தவிர 'நான்' அணையவில்லை என்று அவர் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததாலேயே அது உண்மை ஆகிவிடாது என்பதும் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ எப்போதும் வாத்தியார் கட்சி. 'நீ யாருப்பா' என்று கேட்டவளிடம் நான் "உன் மகன்மா" என்றேனே, அந்த இரண்டு சொல்லில் எதை நான் தள்ளியிருக்க வேண்டும் என்கிறாய்? ஒளித்துப் பேசாமல் எழுது.

மாசத்துக்குள் ஒரு நாள் வா. ராயர் உன்னை விசாரித்தார். அந்தப் பச்சைக் குடம் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

உன்,
மணி