ஜூன் 4-ல் கட்டிய பணத்துக்கு ஜூன் 5-ன் என்.ஏ.வி.: விளக்கமும் ஈடும் கேட்டு

அனுப்புநர்:
நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் யூனிட்தாரர் (டைரக்ட், குரோத்),
மதுரை.

பெறுநர்:
முதலீட்டாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு.

நாள்: 19.6.2024

ஐயா / அம்மையீர்,

ஜூன் 4-ஆம் தேதி உங்கள் செயலி வழியாக உங்கள் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் 2,00,000 ரூபாய் போட்டேன். நெட் பேங்கிங்கில் கட்டினேன். காலை 11.42-க்கே என் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பணம் கட்டும் பக்கத்தில், பொத்தானுக்கு நேர் மேலே, "மாலை 3 மணிக்குள் பணம் செலுத்தினால் இன்றைய என்.ஏ.வி." என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஸ்டேட்மென்ட் வந்ததும் பார்த்தால், யூனிட்களை ஜூன் 5-ன் என்.ஏ.வி.யில், அதாவது அந்த நாளின் யூனிட் விலையில், ஒதுக்கியிருக்கிறீர்கள்.

இதைக் கேட்டு எழுதியதற்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய பதில், "என்.ஏ.வி. சந்தை நிலவரத்தைப் பொறுத்து தினமும் மாறக்கூடியது" என்ற ஒற்றை வரி. தொலைபேசியில் பேசியவர் இன்னும் இரண்டு காரணம் சொன்னார்: அன்று நிறையப் பேர் வாங்கியதால் விலை ஏறிவிட்டதாம், செலவுக் கழிவும் உண்டாம். விலை ஏன் மாறுகிறது என்று நான் கேட்கவே இல்லை. எந்த நாள் விலை எனக்கு உரியது என்றுதான் கேட்டேன். ஆனாலும் சொன்ன காரணங்கள் இரண்டுமே தவறு என்பதால், அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பில்லும் பேலன்ஸ் ஷீட்டுமாகவே காலம் தள்ளுகிற எனக்கு இதை அப்படியே விட மனமில்லை.

உங்கள் ஃபண்ட் கையில் வைத்திருப்பது நிஃப்டியின் 50 கம்பெனிப் பங்குகளும் கொஞ்சம் ரொக்கமும். மாலை 3.30-க்குச் சந்தை முடிந்ததும், ஒவ்வொரு பங்கின் அன்றைய முடிவு விலையை எடுத்து, ஃபண்டிடம் உள்ள பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறீர்கள். அந்த முடிவு விலைகூடக் கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை அல்ல. கடைசி அரை மணி நேரம் நடந்த வியாபாரங்களின் சராசரி. அதோடு ரொக்கத்தையும் வரவேண்டிய டிவிடெண்டையும் கூட்டி, கொடுக்கவேண்டிய பாக்கியையும் அன்றைய ஒரு நாள் செலவையும் கழித்து, வருவதை மொத்த யூனிட்களால் வகுத்தால் ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு, அதாவது என்.ஏ.வி. இரவு 11 மணிக்குள் அது ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் ஏறிவிடும். பங்குகளின் விலை தினமும் மாறுகிறது, அதனால் இதுவும் தினமும் மாறுகிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விலைதான். பகலில் ஓடிக்கொண்டிருக்கும் விலை என்று எதுவும் கிடையாது.

இப்போது, நிறையப் பேர் வாங்கியதால் ஏறியது என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு ஃபண்டில் 1,000 யூனிட் இருக்கிறது, யூனிட் 200 ரூபாய் என்று வையுங்கள். சொத்து 2 லட்சம். புதிதாக ஒருவர் 2 லட்சத்தோடு வந்தால் அவருக்கு 1,000 யூனிட் தருவீர்கள். இப்போது சொத்து 4 லட்சம், யூனிட் 2,000. வகுத்துப் பாருங்கள், அதே 200 ரூபாய். அவர் போனாலும் அப்படித்தான். வாங்குகிறவர் கூட்டத்தால் ஒரு பங்கின் விலை ஏறும். யூனிட் விலை அப்படி ஏறாது. ஏனென்றால் யூனிட்டை யாரும் யாரிடமும் பேரம் பேசி விற்பதில்லை, நீங்கள்தான் புதிதாக உண்டாக்கித் தருகிறீர்கள். ஃபண்ட் கம்பெனியின் தொலைபேசியில் பதில் சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

செலவுக் கணக்கு இன்னும் வேடிக்கை. இந்தத் திட்டத்தின் செலவு விகிதம் ஆண்டுக்கு 0.20 சதவீதம் என்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. யூனிட் சுமார் 219 ரூபாய் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 44 காசு. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு காசில் எட்டில் ஒரு பங்குகூட முழுதாக வராது. அதுவும் விலையைக் குறைக்கிற செலவு, ஏற்றுகிற செலவு அல்ல.

நடந்தது என்ன என்பது நாடறிந்த கதை. வாக்குக்கணிப்புகளை நம்பி ஜூன் 3-ல் எகிறிய நிஃப்டி, 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரியத் தெரியச் சந்தை சரிந்து, 21,884.50-ல் முடிந்தது, கிட்டத்தட்ட 6 சதவீத வீழ்ச்சி. ஜூன் 5-ல் கூட்டணி ஆட்சி உறுதி என்றானதும் 22,620.35-க்குத் திரும்பியது. உங்கள் திட்டத்தின் என்.ஏ.வி.யும் கூடவே போயிற்று: ஜூன் 3-ல் 232.50, ஜூன் 4-ல் 218.71, ஜூன் 5-ல் 226.07. இண்டெக்ஸ் ஃபண்ட் எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் நடந்திருக்கிறது. விலைக் கணக்கில் எனக்குப் புகார் இல்லை.

அன்று பகலில் நிஃப்டி 21,300-க்கும் கீழே போய்விட்டுத்தான் சற்று மேலே வந்து முடிந்தது. அந்த அடிமட்ட விலையை நான் கேட்கவில்லை. 11.42-க்குக் கட்டியவருக்கும் 2.50-க்குக் கட்டியவருக்கும் ஒரே முடிவு விலைதான் என்று தெரிந்தே கட்டினேன்.

எனக்குத் தந்திருக்கும் கணக்கு இது. 2,00,000 ரூபாயில் முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது 10 ரூபாய் போக, 1,99,990. அதை 226.07-ஆல் வகுத்து 884.638 யூனிட் கொடுத்திருக்கிறீர்கள். ஜூன் 4-ன் 218.71-ஆல் வகுத்திருந்தால் 914.407 யூனிட் வந்திருக்கும். குறைவு 29.769 யூனிட், ஜூன் 5-ன் விலையில் சுமார் 6,730 ரூபாய்.

விதி என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2 லட்சத்துக்குக் குறைவாகப் போடுகிறவர்களுக்கு விண்ணப்பம் 3 மணிக்குள் வந்தாலே அன்றைய விலை என்று முன்பு இருந்தது. 1.2.2021 முதல் செபி அதை மாற்றிவிட்டது. லிக்விட், ஓவர்நைட் ஃபண்டுகள் தவிர மற்றவற்றில், தொகை எதுவானாலும், 3 மணிக்குள் பணம் திட்டத்தின் வங்கிக் கணக்குக்குள் வந்து பயன்படுத்தும் நிலையில் இருந்தால்தான் அன்றைய என்.ஏ.வி. என் கணக்கை விட்டுப் பணம் போன நேரம் முக்கியமில்லை. உங்கள் கணக்கில் விழுந்த நேரம்தான் முக்கியம்.

அந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஜூன் 5-ல் வந்து சேர்ந்த பணத்துக்கு ஜூன் 4-ன் 218.71-ல் யூனிட் கொடுத்தால், 226.07 மதிப்புள்ள யூனிட்டை மலிவாகக் கொடுத்ததாகிவிடும். அந்த 6,730 ரூபாய், ஏற்கெனவே ஃபண்டில் இருக்கிற மற்றவர்கள் சொத்திலிருந்து போகும்.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். 11.42-க்கு என் வங்கியை விட்டுப் போன பணம் திட்டத்தின் கணக்குக்கு எத்தனை மணிக்கு வந்தது? உங்கள் ஒற்றை வரிப் பதிலில் அந்த நேரம் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "கேட்வேயிலிருந்து அடுத்த நாள்தான் வரும்" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் விஷயத்தோடு ஒட்டிய பேச்சு. நெட் பேங்கிங்கில் கட்டும் பணம் நேராக உங்கள் திட்டத்துக்கு வருவதில்லை. பேமென்ட் கேட்வே நிறுவனம் வாங்கி, பலருடைய பணத்தோடு சேர்த்து, பிறகு ஒப்படைக்கிறது. நானே திட்டத்தின் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பியிருந்தால் அன்றே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் செயலியில் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டுக்கும் மேலே அந்த ஒரே வாக்கியத்தைப் போட்டிருக்கிறீர்கள். கேட்வேயைத் தேர்ந்தெடுத்தது நானல்ல. அது பணத்தை எப்போது ஒப்படைக்கும் என்ற ஒப்பந்தமும் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில்தான்.

சாதாரண நாளில் இது யார் கண்ணிலும் படாது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் அரை சதவீதம் வித்தியாசம். ஒரு சமயம் லாபமாகவும் ஒரு சமயம் நஷ்டமாகவும் போகும். சொல்லப்போனால் ஜூன் 3-ல் கட்டி 4-ன் விலை கிடைத்தவர்கள் யாரும் உங்களுக்குப் புகார் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்காக, உங்கள் பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையாகிவிடாது.

ஆகவே நான் கேட்பது:

முதலாவது, என் பணம் திட்டத்தின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும், வங்கிப் பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண்ணோடு எழுத்தில் தர வேண்டும். கேட்வேக்குப் பணம் வந்த நேரத்தையும் தனியாகக் குறிப்பிடுங்கள். வரவு ஜூன் 4, 3 மணிக்கு முன் என்றால், ஒதுக்கீட்டை 218.71-க்குத் திருத்தி, மீதி 29.769 யூனிட்டை என் ஃபோலியோவில் சேர்க்க வேண்டும்.

வரவு ஜூன் 5-தான் என்றால் ஒதுக்கீடு விதிப்படி சரி. அதைத் திருத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்த வாக்கியத்தை நம்பியதால் வந்த இழப்பை நிறுவனம் தன் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். திட்டத்தின் பணத்திலிருந்து ஒரு பைசாகூட எடுக்கக் கூடாது. அது என்னைப் போன்ற மற்ற யூனிட்தாரர்களின் பணம்.

மூன்றாவதாக, அந்த வாக்கியத்தை "3 மணிக்குள் பணம் திட்டத்தின் கணக்குக்கு வந்து சேர்ந்தால்" என்று மாற்றி, நெட் பேங்கிங் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, பணம் சேர அடுத்த வேலை நாள் ஆகலாம் என்று போடுங்கள். மதியம் சந்தை விழுவதைப் பார்த்து அவசரமாகக் கட்ட வருகிறவர் விதிமுறைப் புத்தகத்தைத் தேடிப் படிக்க மாட்டார்.

21 நாட்களுக்குள் வங்கி வரவு விவரத்தோடு பதில் வராவிட்டால், செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் இதே கடிதத்தைப் பதிவு செய்வேன்.

இணைப்பு: வங்கிக் குறுஞ்செய்தியின் படம், பணம் கட்டும் பக்கத்தின் படம், யூனிட் ஒதுக்கீட்டு ஸ்டேட்மென்ட், உங்கள் பதில் மின்னஞ்சல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யூனிட்தாரர்