கங்காரு கதையும் கல்கத்தா கதையும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இனி மகளைப் பார்க்க ராத்திரி ரயிலில் தொங்க வேண்டாம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மா கிடந்ததில் உன் கேள்வியைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

பேரனின் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுத்ததில், 'கங்காரு என்றால் அந்த ஊர் மொழியில் எனக்குத் தெரியாது என்று அர்த்தம்' என்ற வரியை உன் மருமகள் அடித்துவிட்டாள், அது சரியா என்று கேட்டிருந்தாய். அவள் அடித்தது சரிதான். ஆனால் வெள்ளைக்காரர் விலங்கின் பெயரைக் கேட்க, உள்ளூர்க்காரர் தெரியாது என்றதே பெயரானது என்ற அந்தக் கதை பொய் என்பதைவிட, அது எப்படிக் கிளம்பியது என்பதுதான் சுவாரசியம்.

1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரம் பவளப்பாறையில் மோதி அடியில் ஓட்டை விழுந்தது. இன்று குக்டவுன் இருக்கும் ஆற்று முகத்தில் கப்பலைக் கரையேற்றி, ஏழு வாரம் போலத் தங்கிப் பழுது பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் கூகு யிமிதிர் மொழி பேசும் மக்கள். கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸ் செடி, பிராணி, சொல் என்று எதைக் கண்டாலும் குறித்துக்கொள்கிற ஆள். ஜூலை 12ஆம் தேதி நாட்குறிப்பில் அந்த விலங்கின் பெயரைத் தன் காதில் விழுந்தபடி 'கங்குரு' என்று எழுதுகிறார். ஆகஸ்ட் 4ஆம் தேதி குறிப்பில் குக்கும் அதையே எழுதுகிறார். தெரியாது என்று யாரோ கையை விரித்ததாக இருவர் குறிப்பிலும் ஒரு வார்த்தை இல்லை. சம்பவத்தின்போது பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாத கதை, பின்னால் வந்தவனுக்கு மட்டும் தெரிகிறது என்றால் அங்கேயே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

சரி, சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினார்கள். குக் கொண்டுவந்த சொல் கையில் இருக்கிறதே என்று, அங்கிருந்த மக்களிடம் கங்காரு, கங்காரு என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் சிட்னிக்கும் குக்டவுனுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர், மொழியே வேறு. சிட்னிக்காரர்கள் அந்த விலங்கைப் 'படகராங்' என்பார்கள். அதனால் கங்காரு என்பது ஏதோ ஆங்கிலச் சொல், மிருகம் என்று பொருள்போல என்று நினைத்துக்கொண்டார்கள். கப்பலில் வந்திறங்கிய பசுமாடுகளைக் காட்டியபோது கோல்பி என்ற உள்ளூர்க்காரர் 'இதுவும் கங்காருவா?' என்று கேட்டதாக வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் ஒருவரிடம் போய்ப் பஞ்சாபிச் சொல்லைத் தமிழ் என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

அடுத்த குழப்பம்தான் கதைக்கு உரம் போட்டது. 1820இல் பிலிப் பார்க்கர் கிங் என்ற கேப்டன், குக் தங்கிய அதே ஆற்றுக்குப் போய்ச் சொற்களைச் சேகரித்தார். மற்ற சொற்கள் பெரும்பாலும் குக்கின் பட்டியலோடு ஒத்துப்போயின. கங்காருவுக்கு மட்டும் 'மின்னார்' என்பதுபோல் ஒரு பதில் வந்தது. சிட்னியிலும் இல்லை, அந்த ஆற்றங்கரையிலேயும் இல்லை என்றால் குக் ஏமாந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் அவர் கேட்டது என்ன என்ற காலி இடத்தில் 'எனக்குத் தெரியாது' வந்து உட்கார்ந்துகொண்டது.

விடை அந்த மொழியிலேயே இருந்தது. 1898இல் குக்டவுனில் அதிகாரியாக இருந்த வால்டர் ராத், அந்தப் பெயர் உள்ளூரில் வழங்குவதுதான் என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் அந்த மக்களோடு தங்கி மொழியைப் படித்தபோதுதான் விஷயம் முடிவுக்கு வந்தது. அவர்கள் மொழியில் 'கஙுரு' என்பது ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயர். (நடுவில் வருவது நம்முடைய ங-தான். அரிச்சுவடியில் சும்மா நிற்கிற எழுத்துக்கு ஒரு வேலை கிடைத்தது பார்.) கிங்குக்குக் கிடைத்தது 'மின்ஹ' என்ற சொல்லாக இருக்க வேண்டும், தின்னக்கூடிய விலங்கு எதற்கும் பொதுப்பெயர் அது. மான் ஓடும்போது இது என்ன என்று கேட்டால் நீ மான் என்பாய், இன்னொருவர் வேட்டை என்பார். இரண்டு பதிலும் பொய்யில்லை.

இதே வார்ப்பில் நம் நாட்டிலும் ஒன்று உண்டு, நீயே கல்லூரியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாய். புல் வெட்டுகிறவனிடம் வெள்ளைக்காரன் ஊர்ப்பெயர் கேட்க, எப்போது வெட்டினாய் என்று கேட்பதாக நினைத்து அவன் 'கல் கட்டா', நேற்று வெட்டியது என்றானாம், அதுவே கல்கத்தாவாம். இதை உடைக்க மொழி ஆராய்ச்சி வேண்டாம், தேதி போதும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் அங்கே வந்திறங்கியது 1690இல். அக்பர் காலத்தில், 1590களில், அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியின் வருவாய்ப் பட்டியலில் அந்த ஊர்ப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பிறகு குத்தகைக்கு எடுத்த மூன்று கிராமங்களில் ஒன்று காலிகாதா.

மெக்சிகோவின் யூகடான் பற்றியும் இப்படித்தான்: ஸ்பானியர் கேட்டார்கள், நீங்கள் சொல்வது புரியவில்லை என்று பதில் வந்தது, அதுவே பெயரானது என்பார்கள். ஆளையும் ஊரையும் மாற்றினால் வேறெங்கும் பொருந்துகிற கதை என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அதற்காக அப்படி நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. சிட்னியில் நடந்தது அசல் புரிதல் பிழைதானே. கதை கச்சிதமாக இருப்பது பொய்க்குச் சான்று ஆகாது. பழைய எழுத்தையும் அந்த மொழி பேசுகிறவரையும் பார்த்துத்தான் தீர வேண்டும்.

இன்னொன்று. புல்வெட்டி கதை விழுந்துவிட்டதாலேயே கல்கத்தாவின் உண்மைக் காரணம் கிடைத்துவிடாது. காளியின் இடம் என்கிறார்கள், கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு என்கிறார்கள். இன்னும் வழக்கு முடியவில்லை. ஒரு கதையைத் தள்ளியதும் அடுத்ததை நம்பிவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பேரனுக்கு கோல்பியின் பசுமாட்டுக் கதையை எழுதிக் கொடு. அது நடந்தது, கூட்டமும் சிரிக்கும். ஆனால் இரண்டு நிமிஷத்துக்குள் அடங்குகிற மாதிரிச் சுருக்கு. உன் கைக்குச் சுருக்கமாக எழுத வராது என்று எனக்குத் தெரியும்.

தை மாதம் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு இந்தப் பக்கம் வருவாய் அல்லவா, இரண்டு நாள் சேர்த்துத் தங்குகிற மாதிரி வா. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்