கணப்புச் சட்டியை அறைக்குள் அனுப்பாதீர்கள்

குளிர்ப் பகுதிகளில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கு,

வணக்கம். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். இரவில் குளிருகிறது என்று விருந்தினர் கேட்டால், புகை அடங்கும்வரை கரியை வெளியே எரியவிட்டு, நன்றாகக் கனிந்த பிறகு அறைக்குள் வைக்கிறீர்கள். புகை போனதும் ஆபத்தும் போய்விட்டது என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை தவறு.

கரியிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சட்டியின் அடியில் உண்டாகும் கரியமில வாயு, மேலே உள்ள செந்தணலைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. புகையே இல்லாத கனிந்த கரிதான் இதை நிறைய வெளியிடும். சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் அறை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் உள்ளே 30,000 லிட்டர் காற்று இருக்கும். அரைக் கிலோ கரி எரிகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இந்த வாயுவாகிறது என்று வைத்தாலும் சுமார் 80 லிட்டர் வரும். சரி, பாதி இடுக்குகள் வழியே வெளியேறட்டும். மிச்சமுள்ள 40 லிட்டர், ஆயிரம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் அதிகம். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க அது போதும்.

காரணம் நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், கால்களில் தளர்ச்சி. விழித்திருப்பவர் எழுந்து வெளியே வரலாம் (அவருக்கும் கதவுவரை நடக்கத் தெம்பு இருக்க வேண்டும்). தூங்குபவருக்கோ தலைவலியே தெரியாது, தூக்கத்திலேயே நினைவிழக்கிறார்.

அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம், அதனால் பயனில்லை. தரையில் படுப்பதா, கட்டிலில் படுப்பதா என்பதிலும் வித்தியாசமில்லை. இதன் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதையும் நம்ப முடியாது.

ஆகவே கணப்பைத் திறந்த முற்றத்தோடு நிறுத்துங்கள். அறைக்குக் கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள். விருந்தினர் தாமாகவே கரி அடுப்பைக் கொண்டுவந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

ஒரே அறையில் இருவர் மூவருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்து, வெளியே வந்ததும் குறைந்தால், இந்த வாயுவைச் சந்தேகியுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, உடனே அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். உள்ளே நின்று எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். அப்புறம் ஆம்புலன்ஸை அழையுங்கள். வருபவர்களிடம் முதல் வார்த்தையாக, "அறைக்குள் கரி எரிந்தது" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த வாயுவையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 என்று காட்டக்கூடும். நீங்கள் சொன்னால்தான் நாங்கள் அந்த எண்ணை நம்பாமல், உடனே முழு ஆக்சிஜனைத் தொடங்கி, ரத்தத்தில் நேரடியாகச் சோதித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓர் அவசர சிகிச்சை மருத்துவர்